பீன்ஸ் பருப்பு உசிலி: ஊறவைப்பது முதல் உதிர்ப்பது வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துவரம் பருப்பு மட்டும் போதுமா, கடலைப் பருப்பும் சேர்க்க வேண்டுமா? நான்கு பேருக்கு எவ்வளவு?

நான்கு பேர் சாதத்தோடு தொட்டுக்கொள்ள 300 கிராம் பீன்ஸ், 100 கிராம் துவரம் பருப்பு, 50 கிராம் கடலைப் பருப்பு என்பது சரியாக வரும். துவரம் பருப்பை மட்டும் போட்டுச் செய்கிற வீடுகளும் உண்டு. அதில் குறை ஒன்றும் இல்லை, உசிலி சற்று மிருதுவாக, பொடிப்பொடியாக இருக்கும். கடலைப் பருப்பு கொஞ்சம் சேர்ந்தால் பல்லில் கடிபடும் பருக்கைகள் கிடைக்கும், உதிர்ப்பதும் எளிதாகும். ஆனால் கடலைப் பருப்பை மட்டுமே போட்டால் ஆறிய பிறகு உசிலி இறுகித் தொண்டையை அடைக்கும். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் தேட வேண்டியிருக்கும். சௌகார்பேட்டை மளிகைக் கடைகளில் எண்ணெய் தடவிய துவரம் பருப்பு, தடவாத பருப்பு இரண்டுமே கிடைக்கும். எண்ணெய்ப் பருப்பு வாங்கினால் நன்றாகத் தேய்த்து, கழுவிய நீர் தெளியும் வரை அலசிவிட்டு ஊறவைக்க வேண்டும்.

பருப்பு எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? ஒருவர் அரை மணி என்கிறார், இன்னொருவர் இரவு முழுவதும் என்கிறார்.

சாதாரணத் தண்ணீரில் இரண்டு பருப்பையும் சேர்த்தே ஊறவைத்தால் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் போதும். துவரம் பருப்பு ஒரு மணி நேரத்திலேயே ஊறிவிடும். கடலைப் பருப்பு தடிமனானது என்பதால் அதற்குத்தான் மீதி நேரம் தேவைப்படுகிறது. கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் பருப்பைப் பார்ப்பதே நல்லது. ஒரு கடலைப் பருப்பை எடுத்து நகத்தால் அழுத்தி இரண்டாக உடையுங்கள். உள்ளே நடுவில் வெளிறிய, உலர்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். உடைந்த பக்கம் முழுவதும் ஒரே நிறமாக இருந்து, உடையும்போது மெல்லிய சத்தம் கேட்டால் பருப்பு பதத்துக்கு வந்துவிட்டது. சத்தமே இல்லாமல் நசுங்கினால் அளவுக்கு மேல் ஊறிவிட்டது என்று பொருள்.

அரை மணி நேரமே ஊறிய பருப்பை அரைத்தால் மாவுக்குள் கல் போன்ற துணுக்குகள் நின்றுவிடும். அவை ஆவியில் முழுதாக வேகாமல், வாணலியில் வறுபடும்போது மேலும் இறுகிவிடும். இரவு முழுவதும் ஊறவைப்பதில் உள்ள சிக்கல் வேறு: பருப்பு தன்னால் குடிக்க முடிந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிடுவதால், அரைக்கும்போது நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காவிட்டாலும் மாவு தளர்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் சமையலறையிலேயே இரவெல்லாம் வைத்தால் நுரைத்து, புளித்த வாடையும் வந்துவிடும். உசிலி களியாவதற்கும் கட்டி தட்டுவதற்கும் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் பருப்புக்குள் போகிற இடம் இதுவே என்பதால், மற்ற எதையும்விட ஊறும் நேரத்தைக் கவனிப்பதில் பலன் அதிகம்.

அவசரமானால், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரை ஊற்றி மூடி வைத்தால் முக்கால் மணியில் வேலை முடியும். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். மேல்பக்கம் குழைந்து, உள்ளே ஊறாமல் நின்றுவிடும்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதில் பருப்பை ஊறவைக்கலாமா?

கழுவுவதற்குப் பயன்படுத்தலாம், ஊறவைக்க வேண்டாம். கடலை ஒட்டியிருக்கும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்தில் பல வீடுகளில் நிலத்தடி நீர் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் திசுக்களை இறுகப் பிடித்துக்கொள்வதால் அது மெதுவாக ஊறும், மெதுவாகவே வேகும். ஊறவைக்க இரண்டு டம்ளர் தண்ணீர்தான் தேவை என்பதால் மெட்ரோ தண்ணீரையோ கேன் தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆவிக்காக அடியில் ஊற்றும் தண்ணீர் எதுவாக இருந்தாலும் பாதகமில்லை; பாத்திரத்தில் படியும் வெள்ளைக் கறையைத் தேய்க்கிற வேலை மட்டும் கூடும்.

தண்ணீர் விடாமல் அரைக்கச் சொல்கிறார்கள். மிக்ஸி சுற்றவே மாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் ஜாரை நிறைத்துவிடுவதால்தான் அப்படி ஆகிறது. மேலே சொன்ன அளவுப் பருப்பை நடுத்தர ஜாரில் இரண்டு தடவையாகப் பிரித்து அரையுங்கள். தொடர்ந்து ஓடவிடாமல் இரண்டு நொடி ஓட்டி நிறுத்துவதும், மூடியைத் திறந்து ஓரத்தில் ஒதுங்கியதைக் கரண்டியால் நடுவுக்குத் தள்ளுவதுமாக ஏழெட்டு முறை செய்தால் பருப்பு தானாகவே அரைபட்டுவிடும். பிறகும் பிளேடு வெறுமனே சுற்றினால் ஒரு தேக்கரண்டித் தண்ணீரைத் தெளிக்கலாம், ஊற்றக் கூடாது.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஊறிய பருப்பைக் கையால் அள்ளி ஜாரில் போட்டால் அதோடு நிறையத் தண்ணீரும் சேர்ந்தே போகும். வடிதட்டில் கொட்டி, பத்து நிமிடமாவது சாய்த்து வைத்து, அடியில் சொட்டுவது நின்ற பிறகு அரைக்க வேண்டும்.

மாவின் பதம் கொரகொரப்பாக இருக்க வேண்டும். விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் பெரும்பகுதி ரவை போலவும், அங்கங்கே கால் பருப்பு, அரைப் பருப்பு தட்டுப்படுவதாகவும் இருந்தால் சரி. மசால் வடைக்கு அரைக்கிற பதமும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். நைசாக அரைத்துவிட்டால் ஆவியில் அது துளைகளில்லாத ஒரே அடையாக இறுகிவிடும். அதை உதிர்க்கப் பார்த்தால் தூளாகவும் கட்டியாகவும்தான் பிரியும், பருக்கையாக வராது.

மிளகாய், உப்பு, பெருங்காயம் எப்போது சேர்ப்பது?

ஐந்தாறு காய்ந்த மிளகாயைப் பருப்போடு சேர்த்தே ஊறவையுங்கள். அப்போதுதான் தோல் தனியாக நிற்காமல் அரைபடும். உப்பை ஊறும் தண்ணீரில் போட்டால் வடிக்கும்போது பாதி போய்விடும் என்பதால், அரை தேக்கரண்டி உப்பையும் கால் தேக்கரண்டி பெருங்காயத்தூளையும் அரைக்கும்போது போட வேண்டும். பீன்ஸுக்கு உப்பு தனி.

இட்லித் தட்டில் எத்தனை நிமிடம் வேகவைப்பது? வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

இட்லிப் பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு தட்டை வைத்து, நடுத்தரத் தீயைவிடச் சற்றுக் கூடுதலான தீயில் 12 முதல் 15 நிமிடம் வைக்க வேண்டும். குக்கரில் வைப்பதானால் வெயிட் போடாமல் வையுங்கள். தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே வைத்துவிட்டால் பானை சூடாகும் வரை மாவு மந்தமான ஆவியில் நனைந்துகொண்டே இருந்து அடிப்பக்கம் பிசுபிசுப்பாகிவிடும்.

நேரத்தைவிட முக்கியமானது மாவைத் தட்டில் வைக்கிற முறை. குழிகளில் எண்ணெய் தடவி, மாவைக் கிள்ளிக் கிள்ளித் தளர்வாகப் போடுங்கள். கரண்டியால் அழுத்திச் சமன்படுத்த வேண்டாம். ஒரு விரற்கடைத் தடிமனுக்கு மேல் போகாமல், நடுவில் விரலால் ஒரு துளை இட்டுவிட்டால் ஆவி உள்ளேயும் புகுந்து எல்லா இடமும் ஒரே சீராக வேகும். ஒரே உருண்டையாகத் திரட்டி வைத்துவிட்டு, வெளியே வெந்தும் உள்ளே பச்சையாகவும் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

மூடியிலிருந்து சொட்டும் நீர் இன்னொரு தொல்லை. மேல் தட்டை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் மூடி, அதன் நுனிகள் தீப்பக்கம் தொங்காமல் மடித்துவிட்டால் அந்த நீரைத் துணி வாங்கிக்கொள்ளும்.

வெந்ததா என்று பார்க்க, நடுக்குழியில் இருக்கும் அடையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வேகாத இடம் ஈரமாகப் பளபளக்கும், பச்சைப் பருப்பின் வாடை அடிக்கும், விரலில் ஒட்டும். வெந்த அடை பளபளப்பு இல்லாமல் வெளிறி, மேலே சிறு வெடிப்புகளோடு இருக்கும். தொட்டால் விரல் சுத்தமாக வரும். பச்சை வாடை கொஞ்சம் இருந்தாலும் வாணலியில் வதக்கும்போது போய்விடும் என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள். வேகாத மாவு எண்ணெயில் அடியில் பிடித்துக்கொள்ளும். மேலும் நான்கு நிமிடம் ஆவியில் வைப்பதுதான் குறைந்த வேலை.

ஆவியில் வைக்காமல் அரைத்த மாவை நேராக வாணலியில் போட்டு உதிர்க்கக் கூடாதா?

கூடும், அப்படியே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பச்சை மாவு எண்ணெயில் வெந்து உதிர்கிற வரை அரை மணி நேரம் கைவிடாமல் கிளற வேண்டும், மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஆகிற இடத்தில் ஏழெட்டு ஆகும். சுவை நன்றாகவே இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது எனக்குச் சரிப்படவில்லை. ஆவியில் வேகும்போது பருப்பிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் எண்ணெயின் உதவி இல்லாமலே இறுகிவிடுவதால், வாணலியில் ஈரத்தைப் போக்கி மணம் வரச்செய்கிற வேலை மட்டுமே மிஞ்சும்.

வெந்த அடையை எப்படி உதிர்ப்பது? எனக்கு எப்போதும் கட்டி கட்டியாகவே நிற்கிறது.

முதலில் ஆறவிட வேண்டும். பானையிலிருந்து எடுத்ததும் அடைக்குள் ஆவி நிறைந்திருக்கும், மாவுச்சத்தும் இன்னும் இளகிய நிலையில் இருக்கும். அப்போது கையை வைத்தால் பிசைந்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆற ஆற மாவுச்சத்து இறுகுவதால்தான் அடை உடையும் தன்மையைப் பெறுகிறது. இட்லித் தட்டிலிருந்து எடுத்து, ஒரு பெரிய தட்டில் தனித்தனியாகப் பரப்பி, மின்விசிறியின் கீழே 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். நம் பகுதியின் கடற்காற்று ஈரம் மிகுந்தது என்பதால் ஜன்னலோரத்தில் வைப்பதைவிட விசிறியின் கீழே வைப்பது மேல். மூடி போட்டு ஆறவைத்தால் வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

ஆறிய அடையை முதலில் நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாகப் பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் எடுத்து, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களின் நுனிக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டித் தேய்க்க வேண்டும். உள்ளங்கை படக் கூடாது. உள்ளங்கை அழுத்தினால் உதிர்ந்தவை மறுபடியும் சேரும். விரல் நுனியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. உதிர்ந்தது தட்டில் விழ விழ, சற்றுப் பெரிய கட்டிகள் ஓரத்துக்கு உருண்டு வரும். தட்டை லேசாகக் குலுக்கினால் இன்னும் மேலே வரும். அவற்றை மட்டும் பொறுக்கி மறுபடி தேயுங்கள். முடிவில் பெரும்பகுதி கடுகைவிடச் சற்றுப் பெரிதாகவும், சில பருக்கைகள் மிளகு அளவிலும் இருந்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே அளவாக்க வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம்; வாணலியில் கரண்டி பட்டும் கொஞ்சம் உதிரும்.

இத்தனை பாடு எதற்கு, மிக்ஸியிலேயே ஒரு சுற்று விட்டால் ஆகாதா?

அடை முழுதாக ஆறி, துண்டுகளாகப் பிட்டு, ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாமல், ஒரே ஒரு நொடி வீதம் இரண்டு மூன்று முறை மட்டும் ஓட்டினால் ஆகும். பத்துப் பேருக்குச் செய்யும்போது அதுதான் வழி. நான்கு பேருக்கான அளவை விரலால் உதிர்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. மிக்ஸியிலோ ஒரு நொடி கூடினாலும் அடியில் தூளாகி, அந்தத் தூள் வாணலியில் பீன்ஸின் ஈரத்தைக் குடித்துப் பசையாகிவிடும். ஜார் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பீன்ஸை எந்த அளவுக்கு நறுக்குவது, எப்படி வேகவைப்பது?

உசிலியின் பருக்கையோடு சேர்ந்து ஒரே கவளத்தில் வர வேண்டும் என்பதால் அரிசி நீளத்துக்கு மேல் போகாமல் பொடியாக நறுக்குங்கள். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கினாலும் வண்டிக்காரரிடம் வாங்கினாலும் ஒரு பீன்ஸை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிய வேண்டும், உள்ளே விதை புடைத்திருக்கக் கூடாது. முற்றிய பீன்ஸை எவ்வளவு பொடியாக நறுக்கினாலும் நார் வாயில் நிற்கும்.

300 கிராமுக்குக் கால் டம்ளர் தண்ணீர், அரை தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும். அகலமான வாணலியில் மூடாமல் ஏழெட்டு நிமிடம் வேகவிட்டால் பச்சை நிறமும் மங்காது, தண்ணீரும் தானாகவே வற்றிவிடும். வெந்த பிறகும் தண்ணீர் நின்றால் வடித்துவிட்டு, வெறும் வாணலியில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். குக்கரில் வைப்பதை நான் சொல்ல மாட்டேன். ஒரு விசில் வந்தாலே குழைந்து நீர் விட்டுவிடும்.

கடைசியில் வாணலியில் எதை முதலில் போடுவது?

மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி கடுகு வெடித்ததும் ஒரு தேக்கரண்டி உளுத்தம் பருப்பு, கறிவேப்பிலை போட்டு, உதிர்த்த பருப்பை முதலில் சேர்க்க வேண்டும். மிதமான தீயில் ஆறேழு நிமிடம் திருப்பிக்கொண்டே இருந்தால் பருக்கைகள் தனித்தனியாகப் பிரிந்து, கரண்டியில் படும்போது சரசரவென்று ஓசை எழும். அந்த ஓசை வந்த பிறகுதான் பீன்ஸைப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் கலந்து இறக்க வேண்டும். பீன்ஸை முதலில் போட்டு அதன்மேல் பருப்பைக் கொட்டினால் அதன் ஈரம் முழுவதும் பருப்புக்கு ஏறிவிடும். தேங்காய் துருவிப் போடுவது அவரவர் விருப்பம். வெங்காயம் மட்டும் வேண்டாம், அது நீர் விடும்.

நாத்தனார் வீட்டுக்காரர்கள் சாப்பிட வந்த அன்று என் உசிலி களியாகிவிட்டது. காலையில் எழுந்து அரைத்து, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, இட்லி மாதிரி ஊற்றி வைத்தேன். எங்கே தவறியது? அதைக் காப்பாற்றியிருக்க முடியுமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கேட்ட இந்தச் சகோதரி எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னதால் காரணத்தைத் தேடுவது எளிதாயிற்று. முதல் நாள் இரவே ஊறவைத்ததால் பருப்பு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அதை வடிக்காமல் அள்ளிப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் அரை டம்ளர் தண்ணீரும் சேர்ந்ததால் மாவு கிள்ளிப் போடுகிற பதத்தைத் தாண்டி ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிட்டது. இட்லி போல ஊற்றிய மாவு குழியில் சமமாகப் பரவி, துளையே இல்லாமல் அடர்த்தியாக வெந்திருக்கிறது. விருந்தினர் வந்துவிட்ட அவசரத்தில் சூட்டோடு சூடாக உதிர்த்ததும் அது பிசைந்த மாவாகிவிட்டது. இவற்றுள் கடைசித் தவறு ஒன்றை மட்டும் தவிர்த்திருந்தாலே பாதி பிழைத்திருக்கும்.

காப்பாற்றலாம், ஆனால் எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அரைத்த உடனே மாவு தளர்ந்திருப்பது தெரிந்தால், அதை ஒரு மெல்லிய துணியில் கட்டி வடிதட்டின் மேல் அரை மணி நேரம் வைத்தால் நீர் ஓரளவு இறங்கும். பிறகு மெல்லிய அடைகளாகத் தட்டி 18 நிமிடம் வரை வேகவைக்கலாம். வெந்த பிறகு தெரிந்தால் கையே வைக்காமல் விரற்கடைத் துண்டுகளாக வெட்டிப் பரப்பி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் மூடாமல் வையுங்கள். குளிரில் இறுகி, துருவியில் துருவுகிற அளவுக்கு வந்துவிடும். பெரிய கண் உள்ள பக்கத்தில் துருவி, வாணலியில் வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக வதக்கினால் இலையில் வைக்கலாம். வாணலியில் போட்ட பிறகு களியானதற்கு மட்டும் வழி கிடையாது. அதைப் பீன்ஸோடு கலக்காமல் எடுத்து, அரிசி மாவு சேர்த்து வடையாகத் தட்டிப் பொரித்துவிடுவதே உத்தமம்.

பெரம்பூரில் வேலைக்குப் போகும் கணவருக்குக் காலை ஐந்தரை மணிக்கு டப்பா கட்ட வேண்டும். முதல் நாளே எதுவரை செய்து வைக்கலாம்?

இரவே வேகவைத்து, ஆறவைத்து, உதிர்த்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். இரண்டு நாள் வரை கெடாது. குளிர்ந்த உதிரி இன்னும் நன்றாகப் பிரியும் என்பதால் இதில் லாபமே அதிகம். பீன்ஸை நறுக்கி மட்டும் வைத்துக்கொண்டு காலையில் வேகவிடுங்கள். அரைத்த பச்சை மாவை இரவு முழுவதும் வைப்பது கூடாது. டப்பாவில் சூடாக அடைத்தால் மூடியில் நீர் கோத்து மதியத்துக்குள் பருப்பு நைந்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டு, மோர்க்குழம்பையோ வற்றல் குழம்பையோ தனிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள்.